குழந்தை குரலில் அன்னையர் தினக் கவிதை: ஒரு நிஜ விஷயம், பதினாலு வரி

மே மாதம் இரண்டாவது ஞாயிறு நெருங்கும்போது வீட்டில் அப்பாவுக்கோ சித்திக்கோ ஒரு வேலை வந்து சேரும். குழந்தை அம்மா முன்னால் நின்று சொல்ல ஒரு சின்னக் கவிதை வேண்டும். எழுதுவது பெரியவர், சொல்வது குழந்தை. சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பெரியவர் தனக்குத் தெரிந்த தாய்மையை எழுதிவிடுகிறார், ஆறு வயதுப் பிள்ளை அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. கேட்கிறவர்கள் கை தட்டுவார்கள். ஆனால் அதில் ஒரு வார்த்தைகூட அந்தப் பிள்ளை சொன்னதாக இருக்காது.

வழக்கமாக வரும் முதல் வரைவு இப்படி இருக்கும்:

தாயே உந்தன் அன்புக்கு
ஈடு இணை ஏதம்மா
தியாகச் சுடரே நீயம்மா
தெய்வம் எனக்கு நீயம்மா

ஓசையில் குறை சொல்ல முடியாது. ஆனால் "தியாகம்" என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரியாது. "உந்தன்" என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. அம்மா எதை விட்டுக்கொடுத்தாள் என்று கணக்குப் பார்ப்பது வளர்ந்த பிள்ளைகள் செய்வது. சின்னக் குழந்தைக்கு அம்மா என்பது தினமும் கண்ணில் படுகிற, காதில் விழுகிற சில காரியங்கள். பத்து மாதம் சுமந்தது, வலி தாங்கியது, தூக்கம் தொலைத்தது எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றைக் குழந்தை பார்க்கவில்லை. பார்க்காததைக் குழந்தையின் வாயில் வைத்தால் கவிதை அந்த இடத்திலேயே பெரியவர் குரலுக்கு மாறிவிடும்.

ஆகவே எழுத உட்காருவதற்கு முன் குழந்தையைப் பேசவிட வேண்டும். ஏழெட்டு நிமிடம் போதும். எதிரே உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால் பிள்ளை பதில் சொல்லாது, நெளியும். கட்டை அடுக்கும்போதோ, பட்டாணி உரிக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ கேட்பது நல்லது. கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, பிறகு கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் நம்மை அறியாமலேயே வாக்கியங்களைத் திருத்திவிடுவோம். "வெச்சுக்குவாங்க" என்று பிள்ளை சொன்னது "வைத்துக்கொள்வார்" என்று தாளில் இறங்கும். அங்கேயே குரல் போய்விடும்.

கேள்வி கேட்பதில்தான் முக்கால்வாசி வேலை. "அம்மாவை உனக்கு ஏன் பிடிக்கும்?" என்று கேட்கவே கூடாது. "அம்மா நல்லவங்க" என்று ஒரு பதில் வரும், அதோடு கதை முடிந்தது. "ஏன்" என்ற கேள்வி குழந்தையைக் காரணம் தேட வைக்கிறது. நமக்கு வேண்டியது காட்சி. "காலையில அம்மா கையில என்ன இருக்கும்?", "அம்மா எப்போ ரொம்ப அவசரமா இருப்பாங்க?", "அப்ப என்ன சொல்வாங்க?", "அப்பாவுக்குத் தெரியாது, உனக்கு மட்டும்தான் தெரியும், அப்படி அம்மாகிட்ட என்ன இருக்கு?" இப்படிக் கேட்டால் பதிலில் பொருள் வரும், கை வரும், சத்தம் வரும். கடைசிக் கேள்வி பெரும்பாலும் பலன் தரும். தன்னிடம் ஒரு ரகசியம் இருக்கிறது என்று நினைத்ததும் பிள்ளை துல்லியமாகப் பேச ஆரம்பித்துவிடும்.

ஆறு வயதுப் பெண் குழந்தை, முதல் வகுப்பு, பள்ளிக்கு ரெட்டைச் சடை என்று வைத்துக்கொள்வோம். அவள் சொன்னது இது:

"அம்மா ரெட்டைச் சடை போடும்போது ரிப்பன வாயில வெச்சுக்குவாங்க. அப்ப பேச மாட்டாங்க. ம்ம்னு சொல்வாங்க. ஒரு ம்ம்னா நேரா நில்லுன்னு அர்த்தம். ரெண்டு தடவ சொன்னா தலைய ஆட்டக்கூடாது. அப்புறம் தோசை வேணுமா இட்லி வேணுமான்னு கேட்பாங்க. வேன் வந்துடும். நைட்டு கதை சொல்வாங்க. எங்கம்மா ரொம்ப நல்ல அம்மா."

இதில் நான்கு விஷயம் இருக்கிறது: ரிப்பன், தோசை, வேன், கதை. எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. தோசையும் கதையும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும், வேன் எல்லாத் தெருவுக்கும் வரும். அவற்றை விட்டுவிடலாம். ரிப்பன் தங்குகிறது. ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு சடை பின்னுகிற அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் ஒரு "ம்ம்"முக்கு ஓர் அர்த்தம், ரெண்டு "ம்ம்"முக்கு வேறு அர்த்தம் என்று பிரித்து வைத்திருப்பது இந்த ஒரு பிள்ளைதான்.

இந்த விஷயத்துக்கு இன்னொரு வலு உண்டு. சடை போடும்போது அம்மா பின்னால் இருக்கிறாள், பிள்ளைக்கு முகம் தெரியாது. அம்மா என்ன நினைக்கிறாள் என்பது சத்தத்தை வைத்துத்தான் அவளுக்குத் தெரிய வேண்டும். அப்பா கதவருகில் நின்று பார்த்தால் ரிப்பன் தெரியும், ஆனால் அந்த "ம்ம்" என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியாது. குழந்தை நிற்கிற இடத்திலிருந்து, குழந்தையின் உயரத்திலிருந்து மட்டும் தெரிவது எதுவோ அதைத் தேர்ந்தெடுத்தால் குழந்தைக் குரலைத் தனியாக வரவழைக்க வேண்டியதில்லை. அம்மா அழகாகச் சிரிப்பாள் என்பது உண்மையான விஷயமாகவே இருக்கலாம். ஆனால் அது யார் நிற்கிற இடத்திலிருந்தும் தெரிவது. அதனால் கவிதைக்கு அது போதாது.

ஒன்று மட்டும் போதுமா என்ற பயம் வரும். மற்றவற்றையும் சேர்த்து "தோசை சுடுவாங்க அம்மா, கதை சொல்லுவாங்க அம்மா, சடை போடுவாங்க அம்மா" என்று அடுக்கத் தோன்றும். அடுக்கியதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் கிடைக்கும். ஒரு வரியில் ரிப்பன் வாய்க்குப் போகும், "ம்ம்" வராது. அந்த "ம்ம்" இல்லாவிட்டால் அது வெறும் சடை. அடுக்கிய பாட்டு எந்த வீட்டுக்கும் பொருந்தும் என்பதாலேயே இந்த வீட்டுக்குப் பொருந்தாமல் போகிறது.

இனி மொழி. பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்பதை முதல் வரிக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். வீட்டில் அம்மாவிடம் சொல்வதற்கு என்றால் பேச்சுத் தமிழ்தான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. ஆறு வயதில் எழுத்துத் தமிழ் என்பது பாடப்புத்தகத்தின் மொழி, அம்மாவிடம் பேசும் மொழி அல்ல. தவறு பெரும்பாலும் கலப்பில்தான் வரும். ஒரு வரியில் "வந்தா", அடுத்த வரியில் "பேசுகிறாய்" என்று இருந்தால் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவது போலக் கேட்கும். "கையில" என்று தொடங்கினால் "வாயில" என்றுதான் போக வேண்டும், "வாயில்" ஆகக் கூடாது.

ஆனால் மழலை வேறு, பேச்சுத் தமிழ் வேறு. பிள்ளை ஸ்கூலை "ச்சூலு" என்று சொன்னாலும் தாளில் "ஸ்கூல்" என்றே எழுத வேண்டும். மழலையை எழுத்தில் நடித்துக் காட்டினால் அது பெரியவர்கள் ரசிப்பதற்கான வேடிக்கையாகிவிடும். பிள்ளை தான் சரியாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

எளிய சொல் எது என்பதற்கு ஒரு நேரான அளவு உண்டு. அந்தச் சொல் ஒலிப்பதிவில் இருக்க வேண்டும், அல்லது அந்த வாரத்தில் பிள்ளை வாயில் வந்திருக்க வேண்டும். சின்னச் சொல்லாக இருந்தால் மட்டும் போதாது. "அருள்", "துயர்" இரண்டும் சின்னச் சொற்கள்தான், குழந்தைக்கு எளியவை அல்ல. "தலையாட்டாதே" நீளமான சொல், ஆனால் தினமும் காலையில் கேட்கிற சொல். வாக்கியமும் அப்படித்தான். "ரிப்பனை வாயில் வைத்தபடி சடை பின்னுகிற அம்மா" என்று ஒரு பெயருக்கு முன்னால் ஐந்து சொல்லைத் தொங்கவிட்டுப் பிள்ளைகள் பேசுவதில்லை. "ரிப்பன் இருக்கு. பேச்சு இல்ல." இப்படித்தான் துண்டு துண்டாகச் சொல்வார்கள். ஒரு வாக்கியம் இரண்டு வரிக்குள் முடிந்துவிட வேண்டும். "போல" என்ற சொல்லைப் பார்த்தாலும் சந்தேகப்பட வேண்டும். அம்மாவை நிலவோடு ஒப்பிட்டது பிள்ளையா, எழுதுகிறவரா என்று ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஓசைக்கு இலக்கணப் புத்தகம் வேண்டாம், கை தட்டினால் போதும். ஒரு வரிக்கு இரண்டு தட்டு. நெடில் எழுத்து ஒரு நீளம், தனக்கு அடுத்து ஒற்று வருகிற எழுத்தும் ஒரு நீளம், தனிக் குறிலும் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ ஒற்றில்லாமல் வருகிற ஐகாரமும் அரை நீளம். ஒரு தட்டுக்கு இரண்டு நீளம் வந்தால் வரி தானாக ஓடும். தட்டின் கடைசியில் அரை குறைந்தால் பரவாயில்லை, பிள்ளை அதை இழுத்துச் சொல்லி நிரப்பிக்கொள்ளும். அரை கூடினால்தான் நாக்கு தடுமாறும். இது யாப்பில் அலகிடுகிற முறை அல்ல. பாடும்போது காது தானே போடுகிற கணக்கு.

அப்படிச் செய்த கவிதை:

ரெட்டைச் சடைக்கு
ரெண்டு ரிப்பன்
ஒண்ணு கையில
ஒண்ணு வாயில

அம்மா வாயில
பேச்சே இல்ல
ஒரு ம்ம் வந்தா
நேரா நில்லு
ரெண்டு வந்தா
தலையாட்டாதே

இன்னைக்கு லீவு
ஸ்கூலே இல்ல
ஆனாலும் நீ
சடை போடம்மா

"அம்மா வாயில" என்ற வரி முதலில் "வாயில ரிப்பன்" என்று வந்தது. அது தாளமாக இருந்தது, ஆனால் யாருடைய வாய் என்று தெரியவில்லை. பிள்ளை தன் ரிப்பனைத் தானே கவ்வியிருக்கிறது என்றுகூடக் கேட்பவர் நினைக்கலாம். "அம்மா" என்ற சொல் அங்கே வந்ததும் படம் தெளிவானது. ரிப்பன் என்று மறுபடி சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. "ரெண்டு ம்ம் வந்தா" என்றுதான் பேச்சில் வரும். தட்டிப் பார்த்தால் முதல் தட்டில் அரை நீளம் கூடுகிறது. முந்தைய வரியில் "ம்ம்" இருப்பதால் இங்கே அதை விட்டாலும் பொருள் குறையவில்லை.

எதுகை மோனையை வலிந்து சேர்க்கவில்லை. "ரெட்டை, ரெண்டு, ரிப்பன்" மூன்றும் பிள்ளை பேச்சிலேயே இருந்தவை, பக்கத்தில் வைத்ததும் மோனை கிடைத்தது. "கையில, வாயில" இயைபும் அப்படித்தான். "அம்மா"வுக்குச் "சும்மா" தேடிப் போனாலோ, "அன்பு"க்குப் "பண்பு" தேடிப் போனாலோ, அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி விஷயத்தை வளைக்க வேண்டியிருக்கும். அப்போது நிஜ விஷயம்தான் முதலில் அடிபடும்.

இன்னொரு வசதியையும் கவனிக்கலாம். அம்மா செய்கிற காரியத்தைச் சொல்லும் வினைமுற்று இந்தக் கவிதையில் ஒன்றுகூட இல்லை. அதனால் "சொல்வாங்க" என்று எழுதுவதா, "சொல்லுவா" என்று எழுதுவதா என்ற கேள்வியே வரவில்லை. மற்றவர்களிடம் அம்மாவைப் பற்றிப் பேசும்போது "சொல்வாங்க" என்றும், அம்மாவிடம் நேரில் "நீ" என்றும் பேசுகிற பிள்ளைகள் ஏராளம். கவிதை முதல் பத்து வரி கேட்பவர்களிடம் பேசுகிறது, கடைசி நாலு வரியில் அம்மா பக்கம் திரும்புகிறது. அந்த இடத்தில் "நீ" இயல்பாக விழுகிறது. அம்மாவை "நீங்க" என்று கூப்பிடுகிற வீடு என்றால் "நீ"யை மட்டும் மாற்ற முடியாது. "சடை போடுங்கம்மா" என்பதில் முதல் தட்டிலேயே எழுத்துகள் நெருக்கியடிக்கும். அங்கே கடைசி இரண்டு வரியைப் பிரித்துப் போட வேண்டும்:

ஆனா சடை
போடுங்கம்மா

தட்டு சரியாக விழுகிறது. "சடை" என்பதும் எல்லா வீட்டுச் சொல்லும் அல்ல. சிலர் ஜடை என்பார்கள், சிலர் பின்னல் என்பார்கள். பிள்ளை எப்படிச் சொல்கிறதோ அதுதான் தாளில் இருக்க வேண்டும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளி மேடையில் எழுத்துத் தமிழ்தான் வேண்டும் என்று கேட்பார்கள். அப்போது பதினாலு வரியையும் மாற்ற வேண்டும், பாதியை அல்ல. "ஒன்று கையில், ஒன்று வாயில்", "பேச்சே இல்லை", "ஒரு ம்ம் வந்தால்", "இரண்டு வந்தால்", "இன்று விடுமுறை" என்று மாற்றினாலும் தாளம் பெரும்பாலும் நிற்கும். ரிப்பனை நாடா ஆக்க வேண்டாம். பிள்ளை அதை அந்தப் பெயரில் பார்த்ததே இல்லை.

முடிவில்தான் அநேகக் குழந்தைக் கவிதைகள் உடைகின்றன. பத்து வரி நன்றாக வந்த பிறகு, "வாயில் ரிப்பன் இருந்தாலும் அன்பு மட்டும் குறையாது" என்று எழுதக் கை பரபரக்கும். அது மேலே காட்டியதை விளக்குகிற வரி. பிள்ளை விளக்காது, கேட்கும். சின்ன வயதில் அன்பு பெரும்பாலும் ஒரு கேட்பாகத்தான் வெளிவருகிறது: தூக்கு, கூட வா, இன்னொரு தடவை. அதனால் கடைசி நாலு வரி ஒரு கேட்பு. அன்னையர் தினம் ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டில் அது கோடை விடுமுறையும்கூட. பள்ளிக்காகப் போடுகிற சடை அன்றைக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத நாளில் பிள்ளை அதைக் கேட்பதில், "பிடிக்கும்" என்ற சொல் இல்லாமலேயே எல்லாம் வந்துவிடுகிறது. பிரிட்டனில் அன்னையர் தினம் பெரும்பாலும் மார்ச்சில் வரும், ஆனால் அதுவும் ஞாயிறுதான் என்பதால் "லீவு" அங்கேயும் பொருந்தும்.

"பெரியவளானதும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பேன்" என்ற வாக்குறுதி முடிவும் பெரியவர்களுடையதுதான். பிள்ளை தானாகவே எதிர்காலம் பேசினால் அது வேறு மாதிரி இருக்கும், "நான் பெருசானா உனக்குச் சடை போடுவேன்" என்று ஒரு பொருளோடு வரும். ஒலிப்பதிவில் அப்படி ஒன்று இருந்தால் தாராளமாக அதிலேயே முடிக்கலாம்.

நீளத்துக்கு வயதுதான் அளவு. நாலு வயதுப் பிள்ளைக்கு முதல் நாலு வரியும் கடைசி நாலு வரியும் போதும். நடுவில் உள்ள ஆறு வரி இல்லாமலும் கவிதை நிற்கிறது, "ம்ம்" போவது மட்டும் நஷ்டம். ஆறு வயதுக்குப் பதினாலு வரி அதிகமில்லை, ஒவ்வொன்றும் மிஞ்சினால் மூன்று சொல்தான். சொல்லிக் கொடுக்கும்போது மொத்தமாக ஒப்பிக்க வைக்காமல், முதல் நாளில் நடுப்பகுதியை விளையாட்டாகச் செய்து காட்டலாம்: ஒரு "ம்ம்", பிள்ளை நேராக நிற்க வேண்டும், ரெண்டு "ம்ம்", ஆடாமல் இருக்க வேண்டும். அது உடம்பில் பதிந்துவிட்டால் வரிசை மறக்காது. மறக்கிற இடம் "ரெண்டு வந்தா" என்ற வரிதான், ஏனென்றால் "ரெண்டு ரிப்பன்" என்று முன்பே ஒரு முறை வந்திருக்கிறது. அங்கே பிள்ளை தாண்டித் திரும்ப ஆரம்பத்துக்குப் போய்விடும். விரல் இரண்டைக் காட்டச் சொன்னால் தப்பாது.

"தலையாட்டாதே"க்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அங்கேதான் பிள்ளை கேட்பவர்களை விட்டு அம்மாவைப் பார்க்கிறது. நிறுத்தாமல் ஓடினால் கடைசி நாலு வரியும் எல்லோருக்கும் சொல்வதாகிவிடும். கையை விரிப்பது, நெஞ்சைத் தொடுவது போன்ற சைகை எதுவும் தேவையில்லை. திரும்பிப் பார்ப்பது ஒன்று போதும்.

அட்டையில் எழுதுவது என்றால் பிள்ளையே எழுதட்டும். கோடு போட்ட தாளில் வரிக்கு வரி இடம் விட்டால் ஆறு வயதுக் கைக்கு வசதி. "ரெட்டை"யில் ஒற்றெழுத்துக்குப் புள்ளி விடுபடலாம், "ண்ணு" தவறலாம். படிக்க முடிகிறவரை விட்டுவிடலாம். ஓரத்தில் படம் வரையச் சொன்னால் அம்மாவின் வாயில் ரிப்பன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூவும் இதயமும் வரைந்து முடித்த பிள்ளைகள் ரிப்பனை மறந்துவிடுவதுண்டு.

சொல்லும் நாளில் பிள்ளை "லீவு"க்குப் பதில் "சண்டே" என்று மாற்றிச் சொன்னாலும், நடுவில் மூன்றாவதாக ஒரு "ம்ம்" சேர்த்தாலும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். மூன்று "ம்ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.